மெடிக்கலும் பி.சி.சி.யும்: எது, எந்தத் தேதிக்குள் என்று ஆஃபர் லெட்டர் வந்தவுடன் கேட்டது

குவைத்தில் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஒப்பந்த வேலை எடுத்துச் செய்யும் ஒரு நிறுவனத்திலிருந்து எனக்கு ஆஃபர் லெட்டர் வந்தபோது பொங்கல் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன் வேலை. சம்பளம், தங்குமிடம், சாப்பாட்டுப் படி, விடுப்பு, விமான டிக்கெட் என்று எல்லாமே விரிவாக எழுதியிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரு வரி: இந்த நியமனம் மருத்துவத் தகுதிக்கும் போலீஸ் சரிபார்ப்புக்கும் உட்பட்டது, இரண்டையும் உரிய காலத்துக்குள் முடிக்க வேண்டும்.

மற்ற பக்கங்கள் எல்லாம் வேலை கிடைத்த பிறகு நடப்பதைச் சொல்கின்றன. வேலை கிடைக்குமா என்பதைச் சொல்வது இந்த ஒரு வரிதான். ஆனால் எந்தப் பரிசோதனை, எந்தப் போலீஸ் சான்று, உரிய காலம் என்றால் எந்தத் தேதி என்று எதுவும் அதில் இல்லை. நான் அப்போது திருச்சி துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நோட்டீஸ் பீரியட் அறுபது நாள். ராஜினாமாக் கடிதத்தை எப்போது கொடுப்பது என்பது முழுக்க இந்த வரிக்குப் பதில் தெரிந்தால்தான் முடிவாகும்.

எங்கள் கம்பெனியிலேயே ஒரு ஃபிட்டர் அண்ணனுக்கு நடந்தது எனக்குத் தெரியும். கத்தாருக்கு ஆஃபர் வந்ததும் ரிசைன் பண்ணிவிட்டார். நோட்டீஸ் முடிகிற சமயத்தில் மெடிக்கலுக்குப் போனார். மார்பு எக்ஸ்ரேயில் ஒரு தழும்பு. இளம் வயதில் காசநோய் வந்து, மாத்திரை முழுசாகச் சாப்பிட்டுக் குணமானவர். இப்போது எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் வளைகுடா நாடுகளுக்கான பரிசோதனையில் பழைய தழும்புக்கே தகுதியில்லை என்று போட்டுவிடுகிறார்கள். அவர் இடத்துக்கு இங்கே வேறு ஆள் வந்தாயிற்று. "மொதல்ல மெடிக்கல் பண்ணிட்டு ரிசைன் பண்ணுன்னு ஒரு ஆள் சொல்லலியேப்பா" என்று டீக்கடையில் அவர் சொன்னது எனக்கு மறக்கவில்லை.

அதனால் ஏஜென்சிக்குப் போன் பண்ணினேன். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார், நீங்க ரிசைன் பண்ணிட்டு வாங்க" என்றார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் அப்படிச் சொல்வதாக நான் நினைக்கவில்லை. தினமும் நூறு பேருக்குச் சொல்கிற பதில் அது. ஆனால் போனில் சொன்ன வார்த்தையை வைத்து இருக்கிற வேலையை விட முடியாது. எனவே ஏஜென்சிக்கும், குவைத் நிறுவனத்தின் ஹெச்.ஆருக்கும் ஒரே மின்னஞ்சலாக அனுப்பினேன். ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இது:

"ஆஃபருக்கு நன்றி. ஏற்றுக்கொள்ள விருப்பம். கடைசிப் பக்கத்தில் உள்ள நிபந்தனை பற்றிச் சில விவரம் தேவை. மருத்துவப் பரிசோதனை எது, எங்கே செய்ய வேண்டும்? போலீஸ் சான்றை எந்த அலுவலகம் கொடுக்க வேண்டும், அதற்கு அட்டஸ்டேஷன் தேவையா? ஒவ்வொன்றுக்கும் கடைசித் தேதி என்ன? அந்தத் தேதிக்குள் விண்ணப்பித்தால் போதுமா, சான்று வந்திருக்க வேண்டுமா, அல்லது உங்கள் கைக்கே வந்து சேர வேண்டுமா? சான்று எத்தனை நாளுக்கு மேல் பழசானால் ஏற்க மாட்டீர்கள்? போலீஸ் தரப்பில் தாமதமானால் தேதியை நீட்டிப்பீர்களா? இரண்டில் எது முடிந்த பிறகு நான் ராஜினாமா செய்யலாம்?"

இப்படிக் கேட்டால் ஆஃபரைத் திரும்பப் பெற்றுவிடுவார்களோ என்று வீட்டில் பயந்தார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. விருப்பம் இருக்கிறது என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டு, தேதி கேட்பவனை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. ஹெச்.ஆரிலிருந்து மூன்றாம் நாளே பதில் வந்தது. கடைசி இரண்டு கேள்விகளை மட்டும் விட்டுவிட்டார்கள். அந்த இரண்டை மட்டும் எடுத்து மறுபடி அனுப்பினேன். அதற்கும் பதில் வந்தது.

பதிலில் தெரிந்த முதல் விஷயம், போலீஸ் சான்று என்று அவர்கள் சொல்வது பாஸ்போர்ட் அலுவலகம் கொடுக்கும் போலீஸ் கிளியரன்ஸ் சர்டிஃபிகேட், சுருக்கமாக பி.சி.சி. இதைக் கேட்காமல் இருந்திருந்தால் நிறையப் பேர் போகிற வழியில் நானும் போயிருக்கலாம். தமிழ்நாடு போலீஸே ஆன்லைனில் தனியாக ஒரு சரிபார்ப்புச் சேவை வைத்திருக்கிறது. உள்ளூர் வேலைக்கு, வாடகைக்கு வருகிறவரைப் பற்றி, வீட்டு வேலைக்கு வருகிறவரைப் பற்றி விசாரிக்க அதைப் பயன்படுத்துவார்கள். சென்னையிலோ ஓசூரிலோ ஒரு கம்பெனி போலீஸ் வெரிஃபிகேஷன் கேட்டால் பெரும்பாலும் இதுதான். வெளிநாட்டு விசாவுக்கு இது செல்லாது. அதற்கு passportindia.gov.in தளத்தில் விண்ணப்பித்து, 500 ரூபாய் கட்டி, சேவா கேந்திராவுக்கு நேரில் போய் வாங்குகிற சான்றுதான் வேண்டும். இரண்டையும் பேச்சில் போலீஸ் வெரிஃபிகேஷன் என்றே சொல்வதால், ஒன்றை வாங்கி வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு.

இன்னொன்று, பி.சி.சி. ஒரு குறிப்பிட்ட நாட்டுக்கு என்றே தரப்படுகிறது. விண்ணப்பத்திலேயே நாட்டின் பெயரைக் கேட்கும். என் மச்சினன் ஓமனுக்கு என்று வாங்கி, அந்த வேலை அமையாமல் போய், அதே சான்றைக் குவைத்துக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். கொடுக்க முடியாது, புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதனால் ஆஃபரில் நாடு உறுதியாகும் முன்பே 'எதற்கும் இருக்கட்டும்' என்று பி.சி.சி. வாங்கி வைப்பதில் பயனில்லை.

மெடிக்கல் என்று அவர்கள் சொன்னது வாஃபித் பரிசோதனை. முன்பு காம்கா என்று சொல்வோமே, அதுதான் இப்போது இந்தப் பெயரில் நடக்கிறது. பேச்சில் இன்னும் காம்கா மெடிக்கல் என்றுதான் சொல்கிறோம். wafid.com தளத்தில் பதிவு செய்து பணம் கட்டினால் எந்த மையத்துக்குப் போக வேண்டும் என்று சீட்டு வரும். மையத்தில் பரிசோதனைக் கட்டணம் தனி. குடும்ப டாக்டரிடம் வாங்கும் ஃபிட்னஸ் சான்றோ, பெரிய ஆஸ்பத்திரியில் எடுக்கும் முழு உடல் பரிசோதனையோ இதற்கு ஈடாகாது. முடிவைத் தளத்திலேயே ஏற்றிவிடுவார்கள், வளைகுடா நாடுகள் எல்லாவற்றுக்கும் அது தெரியும். ஒரு நாட்டுக்குத் தகுதியில்லை என்று வந்தால் இன்னொரு நாட்டுக்கு வேறு மையத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு எடுபடாது.

இதனால்தான் நான் வாஃபித் மையத்துக்குப் போகும் முன் என் சொந்தச் செலவில், பக்கத்து லேபில் ஒரு மார்பு எக்ஸ்ரேயும், ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனையும் எடுத்துப் பார்த்துக்கொண்டேன். பெரும்பாலானவர்கள் தகுதியிழப்பது இவற்றில்தான். அதிகாரபூர்வப் பரிசோதனைக்கு இது மாற்று கிடையாது. ஆனால் பெரிய சிக்கல் இருந்தால் அதை ராஜினாமாவுக்கு முன்பே தெரிந்துகொள்ளலாம், நமக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரியும். ஃபிட்டர் அண்ணன் இதைச் செய்திருந்தால் அந்தத் தழும்பு அவருக்கு அன்றே தெரிந்திருக்கும்.

இப்போது தேதி விஷயம். நான் கேட்டதிலேயே எனக்கு அதிகம் உதவிய கேள்வி, 'முடிப்பது' என்றால் என்ன என்று கேட்டதுதான். ஹெச்.ஆர். சொன்ன கடைசித் தேதி பிப்ரவரி 28. அதற்குள் பி.சி.சி. கையில் இருந்தால் போதும் என்றுதான் யாரும் நினைப்போம். பதிலில் வந்ததோ வேறு. வெளியுறவுத் துறை முத்திரையும், அதன் பின் டெல்லியில் தூதரக முத்திரையும் வாங்கிய பிரதியை அந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும் என்றார்கள். ஏஜென்சி கணக்குப்படி முத்திரைகளுக்கே ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். அப்படியென்றால் சான்று எனக்கு பிப்ரவரி முதல் வாரத்தில் வந்தாக வேண்டும். ஜனவரி கடைசியில் உட்கார்ந்திருக்கிற எனக்கு அது ஏறத்தாழ நடக்காத காரியம். கேட்காமல் இருந்தால் இது பிப்ரவரி கடைசியில்தான் தெரிந்திருக்கும்.

மெடிக்கலுக்கு அவர்கள் சொன்னது இதற்கு நேர் எதிர். அவசரப்பட்டு எடுக்காதீர்கள் என்றார்கள். வாஃபித் சான்றிதழில் காலாவதித் தேதி அச்சாகியே வரும். விசா ஸ்டாம்பிங்குக்குப் போகும் நாளில் அது உயிரோடு இருக்க வேண்டும். குவைத்திலிருந்து விசா தாள் வர எவ்வளவு நாளாகும் என்று தெரியாத நிலையில் ஜனவரியிலேயே மெடிக்கல் எடுத்தால், தாள் வரும்போது சான்று காலாவதியாகி, மறுபடி பணம் கட்டி மறுபடி ஊசி குத்திக்கொள்ள வேண்டியதுதான். அதனால் மெடிக்கலுக்குக் கடைசித் தேதியோடு, எந்தத் தேதிக்கு முன்னால் எடுக்கக் கூடாது என்பதையும் கேட்டு வாங்க வேண்டும். விசா தாளின் பிரதி கைக்கு வந்த பிறகு பத்து நாளுக்குள் என்று எனக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வரிசை தானாகவே தெரிந்துவிட்டது. பி.சி.சி. வரத் தாமதமாகும், ஆனால் வந்த பிறகு ஆறு மாதம் வரை ஏற்பதாகச் சொல்லியிருந்தார்கள். மெடிக்கல் சில நாளில் முடியும், ஆனால் ஆயுள் குறைவு. முதலில் பி.சி.சி., அது வந்ததும் நிறுவனம் விசாவுக்கு விண்ணப்பிக்கும், தாள் வந்ததும் மெடிக்கல், தகுதி என்று வந்த மறுநாள் ராஜினாமா, நோட்டீஸ் ஓடும்போதே ஸ்டாம்பிங். இந்த வரிசையை நானே எழுதி, 'இப்படிச் செய்தால் சரியா' என்று ஹெச்.ஆருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கினேன். ஆனால் ஒரு இடத்தில் இடித்தது. விசா தாளுக்கும் ஒரு காலாவதி உண்டு. மெடிக்கல் முடிந்த பிறகு அறுபது நாள் நோட்டீஸ் என்றால், ஸ்டாம்பிங் ஆகி உள்ளே நுழைய வேண்டிய கடைசித் தேதியை உரசிக்கொண்டு போகும். எங்கள் மேனேஜரிடம் பேசினேன். சேர்த்து வைத்திருந்த ஈட்டிய விடுப்பைக் கழித்து, மீதிக்கு ஒரு மாதம் வேலை பார்த்தால் போதும் என்று ஒத்துக்கொண்டார். அதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டேன்.

பி.சி.சி. விண்ணப்பத்தில் எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. பாஸ்போர்ட்டில் இருப்பது புதுக்கோட்டை மாவட்டத்தில் அப்பா வீட்டு முகவரி. நான் இருப்பது திருச்சியில் வாடகை வீட்டில், அதுவும் குடிவந்து ஒரு வருஷம் ஆகவில்லை. பாஸ்போர்ட் முகவரியும் தற்போதைய முகவரியும் ஒன்றாக இருந்து, பழைய போலீஸ் அறிக்கையும் தெளிவாக இருந்தால் சிலருக்குச் சேவா கேந்திராவிலேயே சான்று கிடைத்துவிடுகிறது. என்னைப் போல வீடு மாறியவர்களுக்கு இரண்டு ஸ்டேஷனுக்கும் விசாரணை போகும். இதனால்தான் கடைசித் தேதி பேசும்போதே, இரண்டு இடத்தில் விசாரணை இருக்கிறது என்று ஹெச்.ஆரிடம் சொல்லிவிட்டேன்.

திருச்சி ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டய்யா நாலாம் நாளே வீட்டுக்கு வந்தார். ஆதார் பிரதி, வாடகை ஒப்பந்தம், பக்கத்து வீட்டில் இரண்டு பேர் கையெழுத்து. வேலை முடிந்தது. புதுக்கோட்டைப் பக்கம் அப்படியே நின்றது. ஜனவரி கடைசி, பிப்ரவரி என்றால் அந்த மாவட்டத்தில் ஜல்லிக்கட்டு சீசன். ஊருக்கு ஊர் பந்தோபஸ்து. ஸ்டேஷனில் எழுத்தர் தவிர ஆளே இல்லை. அப்பா நேரில் போய்க் கேட்டபோது, "திங்கக்கிழமைக்கு மேல வாங்கய்யா, எல்லாரும் வாடிவாசல்லதான் நிக்கிறோம்" என்றார்களாம். அவர்கள் பக்கமும் நியாயம்தான்.

நிலவரத்தைத் தளத்தில் பார்த்தால், போலீஸ் அறிக்கைக்காகக் காத்திருப்பதாகவே காட்டியது. கடைசித் தேதி வருவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போதே அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, விண்ணப்ப எண்ணோடு ஹெச்.ஆருக்கு அனுப்பினேன். விண்ணப்பித்த தேதி இது, ஒரு ஸ்டேஷன் முடிந்துவிட்டது, இன்னொன்று நிலுவையில் இருக்கிறது, மார்ச் 20 வரை நேரம் தர முடியுமா என்று கேட்டேன். தேதியைத் தாண்டிய பிறகு கேட்டிருந்தால் நிபந்தனையை மீறியவன் ஆகியிருப்பேன், ஆஃபரை ரத்து செய்ய அவர்களுக்குக் காகிதத்தில் இடம் இருந்திருக்கும். முன்கூட்டிக் கேட்டதால் ஒரே வரியில் ஒத்துக்கொண்டு பதில் வந்தது. நீட்டிப்புக் கேட்கும்போது 'கொஞ்சம் டைம் வேணும்' என்று விடாமல், ஒரு தேதியைச் சொல்லிக் கேட்பது நல்லது. அவர்களும் மேலே யாரிடமோ ஒரு தேதியைச் சொல்லித்தான் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். பிப்ரவரி கடைசியில் சான்று வந்தது, முத்திரைகள் முடிந்து மார்ச் நடுவில் அனுப்பிவிட்டேன்.

பழைய வழக்கு உள்ளவர்கள் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். என் நண்பனுக்குப் பல வருஷத்துக்கு முன் பைக் விபத்தில், அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, 337 பிரிவுகளில் வழக்கு. கோர்ட்டில் அபராதம் கட்டி முடித்துவிட்டான். ஆனால் ஸ்டேஷன் பதிவில் வழக்கு முடிந்ததாக ஏறவில்லை. அறிக்கை பாதகமாக வந்து பி.சி.சி. நின்றுவிட்டது. கோர்ட்டிலிருந்து தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்கிக் கொடுத்த பிறகுதான் நகர்ந்தது. அந்த நகல் வாங்கவே வாரக்கணக்கில் ஆனது. இப்படி ஏதாவது இருந்தால், நிலுவை வழக்கு மட்டும்தான் தடையா, அபராதத்தோடு முடிந்த வழக்கும் தடையா என்று முன்பே கேட்டுவிட வேண்டும். மறைக்க வேண்டாம். அரசு வேலைகளில் சரிபார்ப்புப் படிவத்தில் வழக்கை மறைப்பது பற்றி 2016-இல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொல்லியிருக்கிறது. சின்ன வழக்கு என்றால் மறைத்திருந்தாலும் நிர்வாகம் அதை மன்னிக்க இடம் உண்டு. ஆனால் உண்மையைச் சொல்லியிருந்தால் கிடைக்கும் வலு, மறைத்துப் பிடிபட்டவனுக்குக் கிடைக்காது. தனியார், வெளிநாட்டு நிறுவனங்களை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது என்றாலும், முன்பே சொன்ன ஆளுக்கும் பின்னால் தெரியவந்த ஆளுக்கும் ஹெச்.ஆர். பார்வையில் உள்ள வித்தியாசம் எங்கேயும் ஒன்றுதான்.

ஏப்ரலில் விசா தாள் வந்தது. அந்த வாரமே மெடிக்கல். பாஸ்போர்ட்டோடு காலையில் போனேன், ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே, கண், ரத்த அழுத்தம் எல்லாம் மதியத்துக்குள் முடிந்தது. இரண்டு நாளில் தளத்தில் ஃபிட் என்று வந்தது. அதை அச்செடுத்து, சான்றிதழில் பாஸ்போர்ட் எண்ணும் பெயரின் எழுத்துக்கூட்டலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று பார்த்தேன். அங்கே ஒரு எழுத்து மாறினாலும் ஸ்டாம்பிங்கில் திருப்பி அனுப்புவார்கள், திருத்தி வாங்குவதற்குள் காலாவதி நெருங்கிவிடும். மறுநாள் காலை ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தேன்.

கிளம்புவதற்கு முன் ஹெச்.ஆரிடம் கேட்ட கடைசிக் கேள்வி, குவைத்தில் இறங்கிய பிறகு நடக்கும் பரிசோதனை பற்றி. இங்கே ஃபிட் என்று வந்தாலும் அங்கே ரெசிடென்சி அடிப்பதற்கு முன் மறுபடி ரத்தமும் எக்ஸ்ரேயும் எடுப்பார்கள், கைரேகையும் எடுப்பார்கள். அதில் தேறாவிட்டால் திரும்பிப் போக வேண்டியதுதான். ஆஃபர் லெட்டரில் இருந்த 'மருத்துவத் தகுதி' இதையும் சேர்த்தா, அப்படித் திரும்ப நேர்ந்தால் டிக்கெட் யார் செலவு, அதுவரை வேலை பார்த்த நாளுக்குச் சம்பளம் உண்டா என்று கேட்டேன். இதுவும் சேர்த்துத்தான் என்றும், டிக்கெட் நிறுவனத்தின் செலவு என்றும், வேலை பார்த்த நாளுக்குச் சம்பளம் உண்டு என்றும் பதில் வந்தது. அந்த மின்னஞ்சலை அச்செடுத்து ஆஃபர் லெட்டரோடு சேர்த்துப் பின் அடித்து, பாஸ்போர்ட் உறையிலேயே வைத்துக்கொண்டு கிளம்பினேன்.